ஜாக் இல்லாத போன், டைப்-சி அடாப்டர், பழைய ஆம்ப்ளிஃபயர்: சத்தம் ஏன் செத்துப்போகிறது?

வளவு_வானொலி (பள்ளத்தூர்)

வணக்கம். எங்கள் வீட்டு வளவில் அப்பச்சி காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இன்னும் நன்றாக ஓடுகிறது. பழைய போனில் ஹெட்போன் ஜாக் இருந்தது. அதில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையில் உள்ள சிவப்பு, வெள்ளைப் பின்களை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் போட்டு, சாயங்காலம் வீணையும் நாதஸ்வரமும் கேட்போம். பெரும்பாலும் காரைக்குடி சகோதரர்கள் வழியில் வந்தவர்களின் வீணைப் பதிவுகள், பழைய டேப்பிலிருந்து எடுத்தவை.

இப்போது வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் ஜாக் கிடையாது. என்னிடம் இரண்டு டைப்-சி அடாப்டர்கள் இருக்கின்றன. ஒன்று நான் கடையில் வாங்கியது. அதில் பாட்டு வருகிறது, ஆனால் போனில் வால்யூமை முழுக்க வைத்தும் சத்தம் மிகக் குறைவு. ஆம்ப்ளிஃபயர் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால்தான் பழைய அளவுக்குக் கேட்கிறது. அப்படித் திருப்பினால் வீணையில் ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் "ஸ்ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல். இன்னொரு அடாப்டர் அண்ணன் மகனுடைய போனோடு வந்தது. அதைப் போட்டால் சத்தமே இல்லை, திரையில் ஏதோ இங்கிலீஷில் எழுத்து வருகிறது. அவன் போனில் அதே அடாப்டர் அருமையாகப் பாடுகிறது.

அடாப்டர் போட்டாலே தரம் போய்விடும் என்று காரைக்குடி கடையில் சொன்னார்கள். அது உண்மையா?

96கே_ரசிகன்

உண்மைதான் சார். ஆண்ட்ராய்டு எந்தப் பாட்டாக இருந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். உங்கள் பாட்டு சிடியிலிருந்து எடுத்ததாக இருந்தால் அது 44.1. மாற்றும்போது உயிர் போய்விடும். அந்த இரைச்சலும் அதனால்தான். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிற அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் வித்தியாசம் தெரியும்.

கண்டனூர்_ஆச்சி

தம்பி, எதற்கு இந்த ஒயர் வம்பெல்லாம்? என் பேரன் சின்னதாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தான். முகப்பில் வைத்தால் இரண்டாம் கட்டு வரைக்கும் கந்த சஷ்டி கேட்கிறது.

வளவு_வானொலி

ஆச்சி, நல்ல யோசனைதான். ஆனால் இந்த ஆம்ப்ளிஃபயரும் அதன் பெட்டிகளும் வீட்டில் இருக்கும்போது அதை விட்டுவிட மனசு வரவில்லை. வீணையின் கீழ்த்தந்தி அந்தப் பெட்டியில் கேட்பதுபோல் சின்ன ஸ்பீக்கரில் கேட்காது.

சால்டரிங்_பென்சில் (கோட்டையூர்)

இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை, கலக்க வேண்டாம். முதலில் பாடவே பாடாத அடாப்டர். தம்பி, திரையில் வருவதை அப்படியே எழுதுங்கள்.

வளவு_வானொலி

"Analog audio accessory detected" என்று வருகிறது அக்கா. கீழே இந்தப் போனுக்கு ஒத்துவராது என்கிற மாதிரி ஒரு வரி.

சால்டரிங்_பென்சில்

நினைத்தேன். அந்த அடாப்டர் கெட்டுப்போகவில்லை. அதற்குள் ஒயரையும் ஒன்றிரண்டு மின்தடையையும் தவிர ஒன்றும் கிடையாது.

போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. அதை ஸ்பீக்கரை அசைக்கிற மின்னழுத்தமாக மாற்ற டாக் என்ற சிப் வேண்டும். சில போன்களில் அந்த வேலையைப் போனுக்குள் இருக்கிற சிப்பே முடித்து, டைப்-சி துளையின் பின்கள் வழியாக இசையை நேராக வெளியே விடுகிறது. வழக்கமாக டேட்டா போகிற இரண்டு பின்களில் அப்போது இடது, வலது ஓசை போகும். "நான் வெறும் ஒயர்தான், நீயே இசையைக் கொடு" என்று போனுக்குச் சொல்வதற்குத்தான் அடாப்டருக்குள் அந்த மின்தடைகள். உங்கள் அண்ணன் மகன் போன் அந்த வகை. உங்கள் போன் எண்களை மட்டும்தான் வெளியே அனுப்பும், எனவே அந்த ஒயர் அடாப்டரைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகிறது. இதற்கு செட்டிங்கில் மருந்து கிடையாது.

நீங்கள் கடையில் வாங்கிய அடாப்டரின் தலைப்பகுதிக்குள்ளேயே ஒரு குட்டி டாக் இருக்கிறது. லேப்டாப்பில் செருகினாலும் அது பாடும், ஒயர் வகை பெரும்பாலும் பாடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அதுவே சுலபமான வழி.

தரம் போகுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஒயர் வகையில் தரம் முழுக்க போனுக்குள் இருக்கிற சிப்பைப் பொறுத்தது, அடாப்டருக்கு அதில் பங்கு மிகக் குறைவு. டாக் உள்ள வகையில் போனின் சிப்புக்கு வேலையே இல்லை, அடாப்டர் எப்படியோ அப்படித்தான் சத்தம். ஆகையால் "அடாப்டர் போட்டாலே தரம் போய்விடும்" என்பதில் அர்த்தமில்லை. நல்ல டாக் அடாப்டர் பல பழைய போன்களின் ஜாக்கைவிடச் சுத்தமாகப் பாடும்.

இனி சத்தம் குறைவது. 96கே தம்பி சொன்ன 48 கிலோஹெர்ட்ஸ் மாற்றம் பொய்யில்லை, வழக்கமான பாதையில் பல போன்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்த மாற்றம் வால்யூமைக் குறைக்காது. ஆம்ப்ளிஃபயர் குமிழை முக்காலுக்கு ஏற்ற வைக்கிற சங்கதி அதுவல்ல. ஊகிப்பதைவிட அளந்து பார்ப்போம். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? ஏசி வோல்ட்டில் 2 வோல்ட் ரேஞ்ச் இருக்க வேண்டும். 200 வோல்ட்டிலிருந்து ஆரம்பிக்கிற மலிவு மீட்டரில் இந்தச் சின்ன அளவு சரியாகத் தெரியாது.

மைக்செட்_தேவகோட்டை

அக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எனக்கும் இதே அடாப்டர் தொல்லைதான். கல்யாணம், திருவிழாவுக்கெல்லாம் இப்போது போனிலிருந்துதான் பாட்டுப் போடுகிறோம். காலை 4 மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓடணும், சார்ஜ் நிற்காது. அதனால் ஒரு பக்கம் சார்ஜர், ஒரு பக்கம் ஜாக் என்று இரண்டு வாய் உள்ள அடாப்டர் வாங்கினேன். சார்ஜரைப் போட்டதும் ஹாரன் முழுக்க "உம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். சார்ஜரை எடுத்தால் நின்றுவிடுகிறது. அடாப்டர் டூப்ளிகேட்டா?

சால்டரிங்_பென்சில்

அண்ணே, உங்களுடையது வேறு கதை. கட்டாயம் வருகிறேன், தம்பியுடையதை முடித்துவிடுகிறேன்.

வளவு தம்பி, இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பில் Audacity இருந்தால் Generate மெனுவில் Tone எடுத்து, Waveform என்ற இடத்தில் Sine, Frequency 100, Amplitude 1 என்று வைத்து, ஒரு நிமிட நீளத்துக்கு உருவாக்கி, WAV கோப்பாகச் சேமித்துப் போனுக்கு அனுப்புங்கள். 100 ஹெர்ட்ஸ் ஏனென்றால் சாதாரண மல்டிமீட்டர் அந்த இடத்தில் ஒழுங்காகக் காட்டும். 1000-க்குப் போனால் சில மீட்டர்கள் தப்பாகச் சொல்லும்.

ஒயரின் சிவப்பு, வெள்ளைப் பின்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிடுங்கள். இந்த டோனை ஸ்பீக்கருக்கு முழு அளவில் விட்டால் வூஃபர் பாழாகும். போன் வால்யூம் முழுக்க. மீட்டரின் ஒரு முனை நடுப்பின்னில், மறுமுனை வெளி வளையத்தில். பழைய போனின் ஜாக்கில் ஒரு தடவை, புதுப் போனும் அடாப்டரும் சேர்த்து ஒரு தடவை, அதே அடாப்டரை லேப்டாப்பில் போட்டு ஒரு தடவை. மூன்று எண்களையும் எழுதுங்கள். ஈக்வலைசர், "சத்தத்தைக் கூட்டு" மாதிரி எதுவும் ஆன் செய்திருந்தால் அணைத்துவிடுங்கள்.

வளவு_வானொலி

அக்கா, அளந்துவிட்டேன். பழைய போன் ஜாக்: 0.52 வோல்ட். புதுப் போன், அடாப்டர்: 0.07. அதே அடாப்டர் லேப்டாப்பில்: 0.98! ஒரே அடாப்டர் எப்படி இரண்டு இடத்தில் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது?

சால்டரிங்_பென்சில்

அந்த மூன்றாவது எண்தான் விஷயத்தை உடைக்கிறது. அடாப்டரால் 1 வோல்ட் வரை கொடுக்க முடிகிறது. உங்கள் பழைய போனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. போன்தான் அதைக் கேட்டு வாங்கவில்லை.

அடாப்டருக்குள் தனியாக ஒரு வால்யூம் இருக்கிறது. செருகியவுடன் அது ஏதோ ஒரு தொடக்க நிலையில் நிற்கும். சில அடாப்டர்களில் அந்த நிலை வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும், காதில் ஹெட்போனை மாட்டியபடி செருகுகிறவர்களுக்குத் திடீரென்று அலறக் கூடாது என்பதற்காக. லேப்டாப்பில் வால்யூமை ஏற்றும்போது அடாப்டருக்குள் இருக்கிற அந்த வால்யூமும் சேர்ந்து ஏறுகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பக்கவாட்டுப் பட்டன் அதைத் தொடுவதே இல்லை. போன் தன்னிடம் இருக்கிற எண்களை மட்டும் கூட்டிக் குறைத்து அனுப்புகிறது. நீங்கள் முழுக்க வைத்ததாக நினைக்கிறீர்கள், அடாப்டர் இன்னும் தன் தொடக்க நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, தொட்டியடி வால்வைக் கால்வாசி திறந்து வைத்த மாதிரி.

இப்போது அந்த "ஸ்ஸ்ஸ்". 0.98-க்கும் 0.07-க்கும் 14 மடங்கு, டெசிபெலில் சுமார் 23. அடாப்டருக்கு என்று ஒரு சிறு இரைச்சல் இருக்கிறது, உங்கள் ஆம்ப்ளிஃபயரின் முன்பகுதிக்கும் இருக்கிறது. பாட்டு தாழ்ந்து வந்தாலும் அந்த இரைச்சல் அதோடு சேர்ந்து தாழ்வதில்லை. பாட்டை மேலே தூக்க நீங்கள் குமிழைத் திருப்பும்போது இரைச்சலும் கூடவே ஏறுகிறது. நாதஸ்வரத்தில் இது மறைந்துபோகும், தவில் நிற்கவே நிற்காது. வீணை அப்படியில்லை. மீட்டின் ஒலி தேய்ந்து தேய்ந்து அடங்குகிற அந்தக் கடைசிப் பகுதிதான் கமகத்துக்கே உயிர், அதைத்தான் இந்த இரைச்சல் தின்கிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமா? குமிழை அதே இடத்தில் வைத்து, பாட்டை நிறுத்தி, ஆக்ஸ் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவுங்கள். அப்போதும் "ஸ்ஸ்" இருந்தால் அது ஆம்ப்ளிஃபயருடையது. ஒயரைச் செருகினால் மட்டும் வந்தால் அடாப்டருடையது. இதில் ஒரு சூட்சுமம்: பாட்டை நிறுத்தினால் பல அடாப்டர்கள் தாங்களே வாயை மூடிக்கொள்ளும், அமைதியாகத் தெரியும். அதனால் Audacity-யில் Silence என்று ஒரு நிமிட வெற்றுக் கோப்பு செய்து, அதை ஓடவிட்டுக் கேளுங்கள்.

96கே_ரசிகன்

அக்கா, 23 டெசிபெல் கணக்கு புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்ட்ராய்டு 14-லிருந்து யுஎஸ்பி டாக்குக்குப் பாட்டை மாற்றாமல் அப்படியே அனுப்புகிற வசதி வந்திருக்கிறதே. அது வந்தால் இதெல்லாம் சரியாகிவிடாதா? 44.1-ஐ 48 ஆக்குவது காதுக்குத் தெரியும் என்பது என் அனுபவம். ஹெட்போனில் சிம்பலின் நுனி மழுங்குகிறது.

சால்டரிங்_பென்சில்

14-ல் வசதி இருக்கிறது, ஆனால் போன் செய்கிறவர்களும் ஆப் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்தினால்தான் உங்களுக்குக் கிடைக்கும். கிடைத்தாலும் அது எண்கள் மாறாமல் போவதைப் பற்றியது. அடாப்டருக்குள் இருக்கிற வால்யூம் ஏறுமா என்பது தனிக் கேள்வி.

சிம்பல் விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். மட்டமான மாற்றி என்றால் தெரியலாம். ஆனால் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தீர்களா? கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் தெளிவாகக் கேட்பதுபோலவே இருக்கும். அளவைச் சமமாக்காமல் செய்கிற ஒப்பீட்டை நான் நம்புவதில்லை, என் காதாக இருந்தாலும் சரி. வளவு தம்பியின் பழைய டேப் பதிவுகளில் டேப்பின் சொந்த இரைச்சலே இருக்கிறது. 384 கிலோஹெர்ட்ஸ் அவருக்கு எதையும் கூடுதலாகத் தராது.

96கே_ரசிகன்

மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

வளவு_வானொலி

அப்போது நான் என்ன செய்யணும் அக்கா? வேறு அடாப்டரா?

சால்டரிங்_பென்சில்

வாங்குவதற்கு முன் ஒன்று. USB Audio Player PRO என்று ஓர் ஆப் இருக்கிறது, காசு கொடுத்து வாங்குவது. ஆண்ட்ராய்டின் வழக்கமான ஒலிப்பாதையை விட்டுவிட்டு, அடாப்டரோடு தானே நேராகப் பேசும். அதன் செட்டிங்கில் ஹார்டுவேர் வால்யூம் என்று வருவதை ஆன் செய்தால் அடாப்டருக்குள் இருக்கிற வால்யூமையே ஏற்றலாம். 48 ஆக மாற்றுகிற வேலையும் அங்கே இல்லை, 96கே தம்பிக்கும் சந்தோஷம்.

முதல் தடவை ஆம்ப்ளிஃபயர் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, மெல்ல மெல்லத் திருப்புங்கள். 14 மடங்கு என்பது விளையாட்டில்லை. பெட்டிகளும் பழையவை.

சில போன்களில் ஓடிஜி என்று ஒரு சுவிட்ச் செட்டிங்கில் இருக்கும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். அடாப்டரைப் போன் கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். சில அடாப்டர்கள் ஜாக்கில் ஒயர் செருகியிருந்தால்தான் தங்களைப் போனுக்குக் காட்டிக்கொள்ளும், ஆகவே ஒயரைச் செருகிவிட்டு அடாப்டரைப் போனில் போடுங்கள்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த ஆப்புக்குள் ஓடுகிற பாட்டுக்குத்தான் இது. யூடியூப்பில் கேட்டால் பழையபடி 0.07-தான். யூடியூப்தான் அதிகம் என்றால், செருகியதுமே முழு அளவில் நிற்கிற அடாப்டராக வாங்குவதே வழி. கடையில் உங்கள் போனிலேயே, உங்கள் பாட்டையே போட்டுக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற பிட் கணக்கிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வளவு_வானொலி

ஆப்பை வாங்கிப் போட்டுவிட்டேன். அதே டோனை அளந்தால் 0.97. ஆம்ப்ளிஃபயர் குமிழ் இப்போது ஒன்பது மணி நிலையைத் தாண்டவில்லை. வெற்றுக் கோப்பையும் ஓடவிட்டுப் பார்த்தேன், பெட்டியில் காதை ஒட்டினால்தான் ஏதோ லேசாகத் தெரிகிறது. வீணையின் ஒலி அடங்குகிற இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. யூடியூப் மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே இன்னும் முனகுகிறது. ரொம்ப நன்றி அக்கா.

கண்டனூர்_ஆச்சி

என் பேரன் கொடுத்ததில் இந்த அளவு பார்க்கிற வேலையே இல்லை. ஆனாலும் வீணைக்கு நீ சொன்னது புரிகிறது தம்பி. ஒரு நாள் வந்து கேட்கணும்.

சால்டரிங்_பென்சில்

சரி, இப்போது மைக்செட் அண்ணன். உங்கள் மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மூணு பின் பிளக்தானே? எர்த் இருக்கிறதா?

மைக்செட்_தேவகோட்டை

மூணு பின்தான். கோயிலில் எர்த் நன்றாக இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தலுக்கு ஒயர் இழுத்தால் கடவுள் விட்ட வழி.

சால்டரிங்_பென்சில்

அடாப்டர் டூப்ளிகேட்டாக இருக்கணும் என்றில்லை. போன் சார்ஜர் இரண்டு பின், அதற்கு எர்த் கிடையாது. அதற்குள் கரண்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கிறது. அது வழியாக மெல்லிய கசிவு வந்துகொண்டே இருக்கும். சார்ஜில் இருக்கிற உலோகப் போனைத் தடவினால் விரலில் ஒரு குறுகுறுப்புத் தெரியுமே, அதுதான். ஆளுக்கு ஆபத்தான அளவு இல்லை. ஆனால் போனிலிருந்து ஆடியோ ஒயரை எடுத்து எர்த் உள்ள மிக்சரில் செருகியதும், அந்தக் கசிவுக்கு எர்த்துக்குப் போக வழி கிடைத்துவிடுகிறது. அது போகிற பாதை உங்கள் ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல். அதே பின்னலைத்தான் மிக்சர் பாட்டுக்கான பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. அதில் அலை வந்தால் பாட்டிலும் வரும்.

மிக்சரின் எர்த் பின்னை வெட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஈரத்தரையில் பாடகர் மைக்கைப் பிடித்து நிற்கிற இடம் அது.

மைக்செட்_தேவகோட்டை

அதை நான் தொட மாட்டேன் அக்கா. நடுவில் போடுகிற ஐசொலேட்டர் ஒன்று வாங்கினேன், சின்ன டப்பா. "உம்ம்ம்" நின்றது. ஆனால் தவிலின் தொப்பி பக்கம் தட்டினால் சத்தம் தட்டையாகிவிடுகிறது. அதனால் கழற்றிவிட்டேன்.

சால்டரிங்_பென்சில்

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அதற்குள் இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சின்ன இரும்புக்குள் தாழ்ந்த ஓசையை உரத்த அளவில் அனுப்பினால் அது தாங்காது, முதலில் அடிவாங்குவது தொப்பிதான். போன் வால்யூமைப் பாதிக்குக் குறைத்து, மிக்சரில் கெயினைக் கூட்டிப் பாருங்கள், கொஞ்சம் மேம்படும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் இன்னும் நன்றாக இருக்கும், விலையும் கூட.

அதற்கு முன்னால் செலவில்லாத வழி ஒன்று. சுவர் சார்ஜருக்குப் பதில் பவர் பேங்க்கை அந்த அடாப்டரில் செருகுங்கள். அதைச் சுவரில் போடாமல் தனியாக வைக்கணும். கரண்டோடு தொடர்பே இல்லாததால் கசிவு வர வழியில்லை. இரண்டு பவர் பேங்க் வைத்து மாற்றிக்கொண்டால் ராத்திரி வரை ஓடும்.

மைக்செட்_தேவகோட்டை

நேற்று ஒரு காதுகுத்து வீட்டில் போட்டுப் பார்த்தேன். "உம்ம்ம்" சுத்தமாக இல்லை, தொப்பியும் கனமாகவே கேட்டது. ஆனால் போனில் சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மேல் ஸ்தாயியில் மெல்லியதாக ஒரு "கீஈஈ" வந்தது. பாட்டு இல்லாத நேரத்தில் ஹாரனில் தெரிந்தது. சார்ஜ் ஏற ஏறக் குறைந்துவிட்டது.

சால்டரிங்_பென்சில்

சார்ஜ் வேகமாக ஏறும்போது வருகிறது என்றால், கரண்ட் அதிகமாக இழுக்கிற நேரத்தில் அடாப்டருக்குள்ளேயோ பவர் பேங்க்குக்குள்ளேயோ ஸ்விட்ச்சிங் சத்தம் ஆடியோவில் ஒட்டுகிறது என்று தோன்றுகிறது. எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. போனில் ஃபாஸ்ட் சார்ஜிங்கை அணைக்க செட்டிங் இருந்தால் அணைத்துவிட்டு ஒரு தடவை, அப்புறம் வேறு கம்பெனி பவர் பேங்க் போட்டு ஒரு தடவை கேளுங்கள். இரண்டிலும் அப்படியே இருந்தால் அடாப்டரைத்தான் மாற்றணும்.

மைக்செட்_தேவகோட்டை

வெள்ளிக்கிழமை குன்றக்குடிப் பக்கம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. என் தம்பியின் பவர் பேங்க்கை வாங்கிப் போய்ப் பார்க்கிறேன். ஃபாஸ்ட் சார்ஜிங் அணைக்கிற இடம் என் போனில் பேட்டரி செட்டிங்குக்குள் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.